கலப்பு இரட்டையர் பூப்பந்து: முன்களம் யாருக்கு, பின்களம் யாருக்கு, எப்போது இடம் மாறுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் மாலை வேளைகளில் கலப்பு இரட்டையர் விளையாடும் சோடிகளிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகளே இவை. ஆசிரியர்கள், அலுவலகத்தார், கணவன் மனைவி, அண்ணன் தங்கை என்று யார் கேட்டாலும் சந்தேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே வைத்துப் பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பொம்பிளையள் முன்னுக்குத்தான் நிக்க வேணுமெண்டு சட்டம் ஏதும் இருக்கோ?

இல்லை. சேர்விஸ் போடுபவரும் அதைப் பெறுபவரும் மூலைவிட்டமாக எதிரெதிர்ச் சேர்விஸ் கட்டங்களுக்குள், கோட்டை மிதிக்காமல் நிற்க வேண்டும். அந்தச் சேர்விஸைப் பெறுபவர் மட்டுமே திருப்பி அடிக்க வேண்டும். மற்ற இருவரும் எதிரணியின் பார்வையை மறைக்காதவரை தங்கள் பக்கத்தில் எங்கும் நிற்கலாம். சேர்விஸ் திரும்பிய பிறகு யார் எங்கே நின்று எத்தனை தடவை அடித்தாலும் சட்டத்துக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முன்னே பெண், பின்னே ஆண் என்ற ஏற்பாடு கணக்குப் பார்த்து வந்தது. பின்களத்திலிருந்து வரும் ஸ்மாஷ் பலமாக இருந்தால்தான் எதிரணி ஷட்டிலைத் தாழ்வாகத் தடுக்கத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை வலையருகே நின்று முடித்துவைக்க வேகமான கையும் பொறுமையும் உள்ள ஒருவர் தேவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சீனச் சோடியான ஜெங் சிவெய், ஹுவாங் யாசியோங் ஆகியோரின் ஆட்டங்களைப் பார்த்தால், ஹுவாங் வலையருகே எதிரணிக்கு வழியை அடைத்துக்கொண்டிருப்பதனாலேயே ஜெங் பின்னாலிருந்து துணிந்து பாய்ந்து அடிக்க முடிகிறது என்பது விளங்கும். உங்கள் சோடியில் பெண்ணின் ஸ்மாஷே பலமானது என்றால் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம். கீழே 'பெண்' என்று நான் எழுதியிருக்கும் இடங்களை அப்போது 'முன்கள ஆட்டக்காரர்' என்று வாசியுங்கள்.

முன்னுக்கு எண்டால் எவ்வளவு முன்னுக்கு? வலைக்குக் கிட்டவோ?

வலைக்குக் கிட்ட அல்ல. வலையிலிருந்து 1.98 மீற்றரில் குறுஞ்சேர்விஸ் கோடு இருக்கிறது. அது நடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தை நாங்கள் 'ரி' என்போம். அந்த 'ரி'க்கு ஒரு கால் தூரம் பின்னால் நிற்பதே முன்கள ஆட்டக்காரரின் இருப்பிடம். புதிதாக விளையாட வருபவர்கள் கோட்டுக்கு முன்னே போய், வலையைத் தொட்டுவிடும் தூரத்தில் நிற்பார்கள். அங்கிருந்து மெல்ல விழும் ஷட்டிலை எடுக்கலாம். வேகமாக வருவது எதையும் எடுக்க முடியாது, ஏனெனில் பார்த்து முடிப்பதற்குள் அது காதைத் தாண்டியிருக்கும்.

றக்கெட்டின் தலை வலையின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டபடி நிற்பவர், நல்ல இடத்தில் நின்றாலும் இல்லாதவருக்குச் சமம்.

எது என்ர பந்து, எது அவற்ற பந்து? நடுவுக்க போறதை ரெண்டு பேரும் விட்டிடுறம்.

கலப்பு இரட்டையரில் அதிகமான புள்ளிகள் போவது இந்த இடத்தில்தான். எதிரணி வேண்டுமென்றே ஷட்டிலை வலைக்கும் பின்கோட்டுக்கும் இடையில், பக்கக்கோட்டை ஒட்டித் தள்ளிவிடும். முன்னால் நிற்பவருக்கு அது சற்றுப் பின்னாலும், பின்னால் நிற்பவருக்குச் சற்று முன்னாலும் விழும்.

நாங்கள் வைத்திருக்கும் விதி இதுதான்: ஷட்டில் உங்கள் உடலுக்கு முன்னால் இருக்கும்போது றக்கெட் எட்டுமானால் அது முன்களத்துக்கு உரியது, தோளைத் தாண்டியதும் அது பின்களத்துக்கு உரியது. தாண்டிய ஷட்டிலைத் திரும்பி எட்டிப்பிடிக்கும் பழக்கத்தை முன்களத்தில் நிற்பவர் விட்டுவிட வேண்டும். அப்படி எட்டி அடித்தது பெரும்பாலும் மேல்நோக்கி மெதுவாகப் போகும். அதைவிடப் பாதகமாக, பின்னாலிருந்து ஓடிவந்த துணையின் கையும் அதே ஷட்டிலுக்கு நீளும். எடுப்பதா விடுவதா என்பதை உடனே முடிவுசெய்வதே முக்கியம். அரைமனதோடு றக்கெட்டை நீட்டிப் பிறகு இழுத்துக்கொண்டால், துணைவரின் பார்வையும் தாளமும் குழம்பிவிடும்.

அவர் பின்னுக்கு நிண்டு ஸ்மாஷ் அடிக்கேக்க நான் நடுவிலயே நிக்கிறதோ, அவர் நிக்கிற பக்கம் போறதோ?

அவர் அடிக்கும் பக்கமாக ஓரடி சாய்ந்து நில்லுங்கள். வலது மூலையிலிருந்து அவர் நேராக அடித்தால், எதிரணி அதை நேராகவே வலையோரம் தட்டிவிடுவதுதான் மிக விரைவாக வரும் பதில். குறுக்கே போகும் பதில் நீண்ட வழி போவதால், அதைக் கண்டு நகர உங்களுக்குச் சற்று நேரம் கிடைக்கும்.

ஆனால் இந்த ஏற்பாடு அவர் நேராகவோ நடுவுக்கோ அடிக்கும்வரைதான் தாங்கும். ஆண்கள் பலருக்குக் குறுக்கே ஸ்மாஷ் அடிப்பதில் ஒரு ஆசை உண்டு. வலது பின்மூலையில் நின்று குறுக்கே அடித்தால், எதிரணி அதைத் தனக்கு நேராகத் தள்ளிவிடும். அது அவருக்கு இடது பக்கத்து வெறுங்களம். அவர் களத்தின் முழு அகலமான 6.10 மீற்றரையும் ஓட வேண்டும், நீங்களோ வலப்பக்கம் சாய்ந்து நிற்பீர்கள். அந்த ஷட்டில் விழுந்ததும் "நீ ஏன் எடுக்கேல்லை?" என்று முன்னால் நிற்பவரைக் கேட்பது வழக்கம். பிழை பின்னாலிருந்து அடித்தவருடையது.

சேர்விஸ் நேரம் எங்க நிக்கிறது?

பெண் சேர்விஸ் போட்டால் இலகு. அவர் கோட்டை ஒட்டி நின்று போட்டதும் றக்கெட்டை உயர்த்தியபடி 'ரி'யைப் பிடித்துக்கொள்வார். ஆண் அவருக்குப் பின்னால் நடுக்கோட்டின் இரு பக்கமும் காலை வைத்து நிற்பார்.

ஆண் சேர்விஸ் போடும்போது பெண் அவருக்கு முன்னால், 'ரி'க்கு அருகில், எதிராளியின் பார்வையை மறைக்காமல் நிற்பார். ஆண் இரண்டு மூன்று அடி பின்னாலிருந்து போடுவதால் ஷட்டில் வலையை அடையக் கூடுதல் நேரம் எடுக்கும். பெறுபவருக்கும் அந்த நேரம் கிடைக்கும். ஆகவே அந்தச் சேர்விஸ் வலையோடு உரசிப் போக வேண்டும். வலையருகே திரும்பி வருவதெல்லாம் பெண்ணுடையது, மற்றவை ஆணுடையவை.

நாங்கள் பந்தை உயர்த்திக் குடுத்தாப் பிறகும் நான் முன்னுக்கே நிக்கலாமோ?

நிற்கக் கூடாது. உங்கள் பக்கத்திலிருந்து ஷட்டில் உயரமாக எதிரணியின் பின்களத்துக்குப் போனால், அடுத்து வருவது ஸ்மாஷ். இருவரும் பக்கம் பக்கமாகப் பிரிந்து நிற்க வேண்டும். முன்–பின் அமைப்பு நாங்கள் தாக்கும்போதும், வலையருகே தாழ்வாக விளையாடும்போதும் உரியது. பக்கம்–பக்கம் அமைப்பு தடுக்கும்போது உரியது. இடம் மாறுவதற்கான அடிப்படைச் சமிக்ஞை இதுவே: ஷட்டில் எங்கள் றக்கெட்டிலிருந்து மேலே போகிறதா, கீழே போகிறதா?

கலப்பு இரட்டையரில் இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. பக்கம் பக்கமாக நிற்கையில், அடிப்பவருக்கு மூலைவிட்டமாக இருக்கும் பக்கத்தைப் பெண் பிடிக்க வேண்டும். அடிப்பவருக்கு நேரே இருக்கும் பக்கத்தை ஆண் பிடிக்க வேண்டும். நேராக வரும் ஸ்மாஷ் குறுகிய வழியில் முழு வேகத்தோடு வரும். குறுக்கே வருவது நீண்ட வழி வருவதால் வேகம் தணிந்து, தாழ்ந்து வந்து சேரும். ஆகையால் மூலைவிட்டத்தில் நிற்பவர் ஆணைவிட ஓரடி முன்னால் நிற்கலாம். குறுக்கே வலையோரம் மெல்ல விழும் ட்ரொப்பையும் அங்கிருந்தே எடுத்துவிடலாம்.

இதிலிருந்தே யார் எந்தப் பக்கம் உயர்த்துவது என்பதும் கிடைக்கிறது. வலையருகே வலப்பக்கம் நிற்கும் பெண் வேறு வழியின்றி உயர்த்த வேண்டியிருந்தால், குறுக்கே உயர்த்த வேண்டும். அப்போது அவர் நேரே இரண்டடி பின்வாங்கினால் போதும், அடிப்பவருக்கு மூலைவிட்டமாக இருப்பார். நேராக உயர்த்தினால், பின்வாங்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்கு நேரே ஸ்மாஷ் வரும். ஆணுக்கு இது மறுவளம்: அவர் தன் பக்கத்திலிருந்து நேராக உயர்த்தி, நேராக வருவதைத் தானே ஏற்க வேண்டும். இருவருக்கும் நடுவே வருவதை யார் எடுப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். எங்கள் சோடிகளில் பெரும்பாலும் அது ஆணின் பொறுப்பு.

ஒவ்வொரு முறையும் எனக்கு மேலால தூக்கிப் போட்டு என்னைப் பின்னுக்கு அனுப்பினம். திரும்ப முன்னுக்கு வாறது எப்பிடி?

இதற்கு ஒரு ஆட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். நீங்கள் வலது கட்டத்தில் நின்று சேர்விஸ் பெறுகிறீர்கள்; உங்கள் துணை இடப்பக்கம் களத்தின் நடு ஆழத்தில் நிற்கிறார். எதிரணி குறுஞ்சேர்விஸ் போடுவதுபோலக் காட்டி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் தட்டி, ஷட்டிலை உங்கள் தலைக்கு மேலால் வலது பின்மூலைக்கு அனுப்புகிறது. இரட்டையர் சேர்விஸ் பின்கோட்டுக்கு 0.76 மீற்றர் முன்னே உள்ள கோட்டுக்குள் விழ வேண்டும் என்பதால், நீங்கள் கடைசிவரை ஓட வேண்டியதில்லை. பக்கவாட்டாகத் திரும்பி இரண்டு மூன்று எட்டில் அதற்குக் கீழே போய்விடலாம்.

அங்கிருந்து நேராக, வலது பக்கக்கோட்டை ஒட்டி, அரை வேக ஸ்மாஷோ கூர்மையான ட்ரொப்போ அடியுங்கள். அடித்த கையோடு அதே வலப்பக்க வழியே முன்னேறுங்கள். ஷட்டில் கீழ்நோக்கிப் போவதால் எதிரணி தாக்க முடியாது, நீங்கள் ஓடும் வழியும் ஷட்டில் போன வழியும் ஒன்றாகிவிடும். குறுக்கே ட்ரொப் போட்டால் பதில் இடப்பக்கத்திலிருந்து புறப்படும், நீங்களோ வலது மூலையில் இருப்பீர்கள். பயந்து எதிரணியின் பின்களத்துக்கு உயரமாகப் போகும் கிளியரை நேரே அடித்தால், மேலே சொன்ன கணக்குப்படி நேர் ஸ்மாஷுக்கு எதிரே நீங்களே நிற்பீர்கள். ஷட்டிலுக்குப் பின்னால் போய்ச் சேராதபோது மட்டும் கிளியர் அடியுங்கள். அதையும் மிக உயரமாக அடித்து, நிலையெடுக்க நேரம் வாங்குங்கள்.

இதற்கிடையில் துணைவர் செய்ய வேண்டியதே பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் பின்னால் போனதைக் கண்டதும் அவர் 'ரி'ப் பக்கமாக ஓரிரு எட்டு முன்னே வந்து, நீங்கள் களத்தின் பாதியைத் தாண்டும்வரை அங்கே காவல் நிற்க வேண்டும். எதிரணி வலையோரம் சட்டென்று தட்டினால் அது அவருடையது; அதை அவர் பாதிக்களத்துக்கு மெல்லத் தள்ளிவிட்டு இடப்பக்கமாகப் பின்னே போவார். எதிரணி குறுக்கே தட்டையாக இடப்பக்கம் அடித்தால் அவரே எடுத்து அப்படியே பின்களத்தில் தங்கிவிடுவார், நீங்கள் முன்னே வந்துவிடலாம். எதிரணி இடது பின்மூலைக்கு உயர்த்தினால் அவர் இடப்பக்கமாகப் பின்னே ஓடி ஸ்மாஷ் அடிப்பார். மறுபடியும் உங்கள் வலது மூலைக்கே உயர்த்தினால், நீங்கள் இன்னும் பாதியைத் தாண்டாதவரை நீங்களே மீண்டும் நேராக அடியுங்கள். இரண்டு தடவை பின்னே நின்று அடிப்பதில் வெட்கமில்லை. அவசரப்பட்டு இடம் மாற ஓடும்போது ஷட்டில் இருவருக்கும் பின்னால் விழுவதே கேடு.

மாறேக்க ரெண்டு பேரும் முட்டிக்கொள்ளுறம், றக்கெட்டும் அடிபடுது.

இருவரும் ஒரே வழியில் போவதுதான் காரணம். ஒழுங்கையில் எதிரெதிரே வரும் இரண்டு சைக்கிள்கள் தத்தம் பக்கத்தைப் பிடித்துக்கொள்வதுபோல, ஒருவர் வலப்பக்கமாக முன்னே வந்தால் மற்றவர் இடப்பக்கமாகப் பின்னே போக வேண்டும். வழியைத் தீர்மானிப்பவர் பின்னாலிருந்து முன்னே வருபவர். அவர் தான் அடித்த பக்கத்தால் வருவார், முன்னால் நிற்பவர் எதிர்ப்பக்கத்தால் போவார். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால், குரல் கொடுக்க வேண்டியவர் பின்னால் நிற்பவர். 'என்ர', 'விடு', 'மாறு' என்ற மூன்று சொற்கள் போதும். ஷட்டில் வலையைத் தாண்டி வந்த பிறகு 'மாறு' என்று கத்துவது உதவாது. அடித்த உடனே சொல்ல வேண்டும்.

சேர்விஸை எடுக்கப்போய் ஆம்பிளை வலையடியில மாட்டுப்பட்டால் நான் பின்னுக்கு ஓடுறதோ?

அது அவர் என்ன அடித்தார் என்பதைப் பொறுத்தது. அவர் ஷட்டிலைப் பாதிக்களத்துக்கோ எதிராளியின் உடலுக்கோ தள்ளியிருந்தால், அவர் பின்னே திரும்ப நேரமுண்டு. நீங்கள் பக்கத்தால் முன்னே வாருங்கள். அவர் வலையை உரசியபடி மெல்லப் போட்டிருந்தால், அவர் அங்கேயே ஒரு அடிக்கு நிற்க வேண்டும், ஏனெனில் வலையருகே வரும் பதிலை அடித்து முடிக்கக்கூடியவர் அவர்தான். அந்த ஒரு அடிக்கு மட்டும் பின்களம் உங்களுடையது. எதிரணி உயர்த்தினால், முன் கேள்வியில் சொன்ன அதே நேர் அடியும் அதே திரும்பும் வழியும் இங்கும் பொருந்தும்.

வலையடியில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஆண்களுக்கு என் யோசனை, சேர்விஸைத் திருப்பும்போது வலையோரத்தைவிடப் பாதிக்களத்தை அதிகம் பாவிப்பது. பார்வைக்கு அழகு குறைவு. ஆனால் சோடி தன் வடிவத்தை இழக்காது.

எங்கட கோர்ட் திறந்த வெளி. சோளகம் வீசேக்க இதெல்லாம் சரிவருமோ?

அடிப்படை மாறாது, நிற்கும் ஆழம் மாறும். நைலோன் ஷட்டிலானாலும் இறகு ஷட்டிலானாலும் காற்றில் உயரே போனது சொன்ன இடத்தில் விழாது. காற்றுக்கு எதிர்முகமாக நிற்கும் பக்கத்தில் இருந்தால் நீங்கள் உயர்த்துவது பாதிக்களத்தில் குறைந்து விழும். அது எதிரணிக்குக் கொடுத்த ஸ்மாஷ். ஆகவே அந்தப் பக்கத்தில் உயர்த்துவதை இயன்றவரை தவிர்த்து, வலையருகேயும் தட்டையான டிரைவிலும் ஆட்டத்தை வைத்திருங்கள். எதிரணி காற்றோடு உயர்த்துவது வெளியே போகக்கூடும் என்பதால், பின்னால் நிற்பவர் பின்கோட்டைக் கண்ணால் அளந்துகொண்டே ஓட வேண்டும்.

காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் கணக்குத் திரும்பிவிடும். எதிரணி உயர்த்துவது குறைந்து விழுவதால் ஆண் ஓரடி முன்னால் நிற்கலாம், பெண்ணைப் பின்னே தள்ளுவதும் அவர்களுக்குக் கடினமாகும். ஆனால் நீங்கள் போடும் உயரச் சேர்விஸும் கிளியரும் வெளியே போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், மூன்றாவது ஆட்டத்தில் முன்னணிச் சோடி 11 புள்ளியை எட்டும்போதும் பக்கம் மாறுவதால், அந்த இடைவேளையில் பேச வேண்டியது இதைத்தான்.

எங்களில ஆரிலயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்கள் இரட்டையர் மாதிரி ரெண்டு பேரும் முழுசாச் சுழண்டு விளையாடலாமோ?

விளையாடலாம், அப்போது உயர்த்திய ஒவ்வொரு ஷட்டிலுக்கும் அருகில் இருப்பவரே அடிப்பார், மற்றவர் முன்னே போவார். ஆனால் எதிரணி அதையே விரும்பினால் யோசிக்க வேண்டும். எதிரே உள்ள ஆணின் ஸ்மாஷ் பலமாக இருந்து, உங்கள் பக்கத்துப் பெண் பின்களத்தில் நின்று அடிப்பது அவர்களால் இலகுவாகத் திருப்பப்படுகிறதென்றால், நீங்கள் சுழன்ற ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு ஓய்வு. அப்போது முன்–பின் அமைப்புக்குத் திரும்புங்கள்.

தோத்துக்கொண்டு வரேக்க பிழை ஆரிலயெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஷட்டில் எங்கே விழுகிறது என்று யாரையாவது வெளியே இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கக்கோட்டை ஒட்டிப் பாதி ஆழத்தில் விழுந்தால், முன்னால் நிற்பவர் வலைக்கு மிகக் கிட்ட நிற்கிறார், அல்லது எடுப்பதா விடுவதா என்று தயங்குகிறார். அடித்தவருக்கு எதிர்ப்பக்கத்து வெறுங்களத்தில் விழுந்தால், பின்னால் நிற்பவர் குறுக்கே அடிக்கிறார். பெண்ணின் உடலுக்கு நேரே ஸ்மாஷ் வந்து அவர் றக்கெட்டில் பட்டு வலைக்குள் போனால், அதற்கு முந்திய அடியைப் பாருங்கள்: யாரோ ஒருவர் அவருடைய பக்கத்துக்கு நேராக உயர்த்தியிருப்பார். இருவருக்கும் பின்னால் விழுந்தால், பின்னால் நின்றவர் முன்னே ஓடத் தொடங்கியதும் முன்னால் நின்றவர் அதைக் காணவில்லை, குரலும் வரவில்லை.